கந்தப்பனும் முட்டையிடாத கோழியும்

நாமக்கல்லில் ஒருவரிடம் உங்களுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். சொன்ன மறுநிமிடம், முட்டையைத்தான் குறை சொல்கிறோம் என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஊரில் பாதிப் பேர் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் அந்தப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றுகிறார்கள். சேலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து இங்கே வைத்தியம் பார்க்கும் எனக்குப் பதினோரு வருடத்தில் இதெல்லாம் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. இன்னும் கோபம்தான் வருகிறது. டாக்டர் ஜாக்குலின் சிடுசிடுப்பவள் என்று ஊரில் பேச்சு. பேசுகிறவர்கள் ஒருநாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கந்தப்பன் முதல்முறை வந்தது இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட ரத்தப் பரிசோதனைக்காக. நாற்பதாயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்காரர். வயது நாற்பத்திரண்டு. தொப்பை இல்லை, சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை. ரிப்போர்ட்டில் மட்டும் கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் 284 இருந்தது. நூற்றுக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. ட்ரைகிளிசரைடு என்கிற மற்ற கொழுப்போ அளவாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

"செருப்பைக் கழட்டுங்க," என்றேன்.

குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. தொட்டால் கட்டி கட்டியாக இருந்தது. கேட்டதற்கு, "அது பண்ணையில ரப்பர் கம்பூட்ஸ் போட்டுப் போட்டு வந்ததுங்க," என்றார். கண்ணில் கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் வேறு. அதற்கு என்ன காரணம் சொல்லுவார் என்று கேட்க எனக்குப் பொறுமையில்லை.

"உங்க அப்பா இருக்காரா?"

"எங்கய்யன் நாப்பத்திமூணுல போயிட்டாருங்க. தோட்டத்துல தண்ணி கட்டிட்டு இருந்தாரு, அப்படியே வரப்புல சாஞ்சுட்டாரு. சித்தப்பன் நாப்பத்தாறு."

அவருக்கு அடுத்த தை மாதம் நாற்பத்துமூன்று.

இது பரம்பரையாக வருவது என்று பொறுமையாகவே சொன்னேன். நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரல்தான் அதில் பெரிய கை. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லைத் திரும்பப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வதும் அதே கல்லீரல்தான். அதற்கென்று அதன் மேல் வாசல்கள் இருக்கின்றன. அந்த வாசலைச் செய்யும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். இவருக்கு அதில் ஒன்று பழுது, அதனால் பாதி வாசல்தான். பிறந்த நாளிலிருந்து ரத்தத்தில் கொலஸ்ட்ரால் தேங்கி, குழாய்ச் சுவரிலும் குதிகாலிலும் கண்ணிலும் படிந்துகொண்டே இருக்கிறது.

இவ்வளவு சொன்னதில் அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று.

"அப்ப முட்டையினால வரலைங்களா?"

"முட்டையால வரலை."

"அதை எழுதிக் குடுங்க டாக்டரம்மா."

மருந்துச் சீட்டின் அடியில் 'முட்டையால் மட்டும் வந்ததல்ல' என்று எழுதினேன். அந்த 'மட்டும்' எதற்கு என்று கால் மணி நேரம் சண்டை போட்டார். வெளியே பதினாறு நோயாளிகள் காத்திருந்தார்கள். 'மட்டும்' போனது.

"உங்க குழந்தைகளுக்கும் ரத்தம் பார்க்கணும்," என்றேன். அவருக்கு ஒரே மகள், மதுமதி. திருச்செங்கோட்டில் கல்லூரி முதல் வருடம் படிக்கிறாள். அப்பாவைக் காரில் கூட்டி வந்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். கந்தப்பன் கதவிடுக்கில் அவளை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அவளுக்குங்களா? காத்தடிச்சா பறந்துருவா. அவ உடம்புல கொழுப்புக்கு எடமே இல்லீங்க. கட்டிக் குடுக்கப் போற புள்ள, ஊசியெல்லாம் வேண்டாங்க."

ஒல்லியாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ராத்திரிக்கு ஒன்று என்று கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து எல்டிஎல் 146. இன்னும் இறங்க வேண்டும், இதோடு இன்னொரு மாத்திரை சேர்க்கலாம், அடுத்த மாதம் வாருங்கள் என்றேன். கந்தப்பன் ரிப்போர்ட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே வெளியே போனார். அதோடு ஆளைக் காணோம். போன் செய்தால் ஷெட்டில் இருக்கிறார், தீவனம் இறக்குகிறார், ஈரோடு போயிருக்கிறார்.

நான்கு மாதம் கழித்து மகள் இழுத்துக்கொண்டு வந்தாள். எல்டிஎல் 281. கந்தப்பன் முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை. கூடவே கோழி டாக்டர் வீரபாகுவையும் அழைத்து வந்திருந்தார். பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்கிற நல்ல மனிதர், என்னைப் பார்த்ததும் நெளிந்தார்.

"டாக்டரம்மா, மருந்து கேக்கறதில்லைங்க. பண்ணையிலயும் இப்படி ஆகுமுங்க. கிருமிக்கு மருந்து பழகிரும். அப்ப மருந்தை மாத்தோணும். அதுக்குத்தான் நம்ம டாக்டரையும் கூட்டியாந்தேன்."

"மாத்திரையைத் தினமும் போடுறீங்களா?"

"கோர்ஸ்தான் முடிஞ்சுதுங்களே! கோழிக்கு அஞ்சு நாள்ங்க. நான் அறுவது நாள் போட்டேன். ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சு, நிறுத்திட்டேன். முறையாத்தானுங்க நிறுத்துனேன். மருந்து நிறுத்தி ஏழு நாள் கழிச்சுத்தான் கறியே தின்னேன்."

மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் சில நாள் விற்கக் கூடாது என்று பண்ணையில் ஒரு விதி உண்டு. இந்த மனிதர் அதைத் தன் உடம்புக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"இது கிருமி இல்லை! மருந்து எதையும் கொல்லலை! உங்க கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கிற வேலையில ஒரு முக்கியமான இடத்தை அந்த மாத்திரை அமுக்கிப் பிடிக்குது. உள்ளே தயாரிப்பு குறைஞ்சதும் கல்லீரலுக்குப் பற்றாக்குறை. அப்ப அது என்ன செய்யும்? நல்லா இருக்கிற இன்னொரு மரபணுவை வச்சு கூடுதலா வாசல் கட்டி, ரத்தத்துல இருக்கிறதை இழுக்கும். அதனாலதான் அளவு இறங்குச்சு. மாத்திரையை நிறுத்தினா தயாரிப்பு பழையபடி ஓடும், கட்டின வாசல் குறைஞ்சுரும். புரியுதா?"

கந்தப்பன் வீரபாகுவைப் பார்த்தார். மொழிபெயர்க்கச் சொல்கிறாராம்.

வீரபாகு தொண்டையைச் செருமினார். "மேடம் சொல்றது சரிங்க. கோழியை எடுத்துக்குங்க. மஞ்சக்கருவுல இருக்கிற கொழுப்பை எது செய்யுது? கல்லீரல். அது ரத்தத்துல ஏறி முட்டைக் கருவுக்கு வருது. கருவுக்கு மேல அதை உள்ளே எடுக்க வாசல் இருக்கு. அந்த வாசல் பழுதாகிப் பிறக்கிற ஒரு கோழி ரகம் இருக்குதுங்க. ஆராய்ச்சிக்காக வளர்க்கிறாங்க, நான் படிக்கிறப்ப பாடத்துல வந்துச்சு. கல்லீரல் அனுப்பிக்கிட்டே இருக்கும், உள்ளே போக வழியில்லை. ரத்தமே பால் மாதிரி ஆகிரும். குழாயெல்லாம் அடைக்கும். முட்டையும் இடாது."

"அதுக்கும் எனக்கும் என்னங்க?"

"வாசலும் இடமும் வேற வேறதான். ஆனா பங்காளி மாதிரி ஒரே சாதி வாசல். கிட்டத்தட்ட நீங்க அந்தக் கோழிங்க."

கந்தப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முட்டையிடாத கோழியை அவர் பண்ணையில் ஒரு வாரம் வைத்திருக்க மாட்டார், வண்டி ஏற்றிவிடுவார். "நாப்பதாயிரம் கோழிக்கு ஓனரைப் பார்த்து முட்டையிடாத கோழிங்கிறீங்களா? டாக்டர்னு மருவாதி குடுத்தா..."

"அப்பா, உக்காருங்க," என்று வாசலில் நின்ற மதுமதி சொன்னாள். சிரிப்பை அடக்கி அவள் முகம் சிவந்திருந்தது. எனக்கும் அதே கதிதான், சீட்டில் எதையோ கிறுக்கிச் சமாளித்தேன்.

உட்கார்ந்தவர் சற்று யோசித்தார். எதை விட்டாலும் பண்ணைக்காரர் கணக்கை விட மாட்டார். "ஏனுங்க டாக்டர், முட்டையே இடாத கோழிக்குக் குஞ்சு ஏது? அப்புறம் அந்த ரகம் எப்படிப் பெருகுது?"

"சேவல் வழியாங்க. பழுதுல பாதியைச் சேவல் சுமந்துக்கிட்டு இருக்கும். வெளியே பார்த்தா கம்பீரமா, ஒரு குறையும் தெரியாது. அதோட பொட்டைக் குஞ்சுல பாதிக்கு இது வரும்."

கந்தப்பனின் முகம் மலர்ந்தது. மீசையைத் தடவினார். "அப்படிச் சொல்லுங்க! அப்ப நான் கோழியில்லீங்க. சேவலு!"

சொல்லிவிட்டு எங்கள் மூன்று பேரையும் பெருமையாகப் பார்த்தார். வீரபாகுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் மதுமதியைப் பார்த்தார். மீசையில் இருந்த கை அப்படியே நின்றது.

எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"டாக்டரம்மா," என்றார். "மனுசனுக்கும் பாதிங்களா?"

"ஆமாங்க. ஆணோ பொண்ணோ, ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"அவ காலையில இட்லி தின்னுட்டாளே. நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டியாரட்டுங்களா?"

"இதுக்கு வெறும் வயிறு தேவையில்லை. இப்பவே எடுக்கலாம்."

கீழே இருக்கும் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிப்போர்ட் வர இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் கந்தப்பன் பெஞ்சில் உட்காரவில்லை. பண்ணையிலிருந்து வந்த போன் எதையும் எடுக்கவில்லை. ஒருமுறை மகளின் முன்னால் குனிந்து, "காலைக் காட்டு சாமி," என்று அவள் குதிகாலைத் தடவிப் பார்த்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். மெல்லிய கால்தான். அவர் நிமிர்ந்தபோது கொஞ்சம் தெளிந்திருந்தார். இந்த வயதில் காலில் தெரியாமலும் இருக்கலாம் என்று அப்போது போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்டிஎல் 231.

சொன்னேன். கந்தப்பன் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்டிருந்துதான் வந்துச்சு. ஒத்தப் புள்ள. என்னத்தைக் குடுத்து வச்சிருக்கேன் பாருங்க," என்று சொல்லி அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மதுமதி ரிப்போர்ட்டை வாங்கி ஒருமுறை படித்தாள். அப்பாவின் பக்கம் திரும்பினாள். "தோட்டம், பண்ணை, கார் எல்லாம் எனக்குத்தானே எழுதப் போறீங்க. இதுல மட்டும் பங்கு வேண்டாம்னா எப்படிப்பா?"

வீரபாகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்பவே கண்டுபிடிச்சது பெரிய விஷயம்," என்றேன். "இன்னும் ரெண்டு பரிசோதனை பார்த்துட்டு இவளுக்கும் மாத்திரை ஆரம்பிக்கலாம். விடாமப் போட்டா எல்லாரையும் போல இருப்பா. கல்யாணமாகிக் குழந்தை வேணும்னு நினைக்கிறப்ப முன்கூட்டியே என்கிட்ட சொல்லணும், அப்ப மட்டும் நிறுத்தி வைப்போம்."

"மாப்பிள்ளை ஊட்டுல என்னன்னு சொல்றதுங்க?" என்றார் கந்தப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நீங்க எதுக்குச் சொல்லணும்? அவங்களைக் கேளுங்க," என்றாள் மதுமதி. "ஜாதகத்தோட மாப்பிள்ளையோட ரத்த ரிப்போர்ட்டும் வரட்டும். அந்தப் பக்கத்துச் சேவலையும் பார்க்கோணுமில்ல?"

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். ஆனால் விஷயம் சரிதான். இரண்டு பக்கமும் பழுது இருந்தால், நாலு குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில் சரியான வாசலே இல்லாமல் ஒரு குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டு. அது மிகவும் கொடுமை. சொன்னேன். கந்தப்பன் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். இந்தத் தடவை எதையும் எழுதிக் கேட்கவில்லை.

மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வந்தது. பழையதோடு புதிதாக இன்னொன்றும் சேர்த்து எழுதியிருந்தேன்.

"ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடுங்க," என்றேன்.

"இப்பப் போட்டா தப்புங்களா?"

"தப்பில்லை. இந்த மருந்தை எப்ப வேணா போடலாம். தினமும் ஒரே நேரத்துல போட்டாப் போதும்."

"அப்ப இப்பவே போடறனுங்க. அவ பார்க்கோணும்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மகளின் கண்ணெதிரே மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கையும் தூக்கி அவளுக்குக் காட்டினார்.

"தினமும் இப்படித்தான் காட்டுவேன், சாமி. நீயும் எனக்குக் காட்டோணும்."