இருபது எண்ணியவன்

பிரஸ்ஸில் அடிபட்டுச் செத்தவனைப் பற்றி சூப்பர்வைசர் ஒரே வரிதான் சொன்னார். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு."

அந்த வரி பேக்கிங் பிரிவு வரை வந்தது. அங்கே அவன் மனைவி அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் மறுத்துப் பேசவில்லை. விபத்து நடந்த அன்று லீவில் இருந்தவள், மத்தியானம் வீட்டிலிருந்து அவனுக்குப் போன் செய்து, "சீக்கிரம் வந்துடுங்க, மாவு தீர்ந்துபோச்சு" என்று சொன்னது அவள்தான்.

விபத்து சிக்கலானதல்ல. தகடு வெட்டும் அந்த பிரஸ்ஸுக்குப் புது மோட்டாரும், முன்னைவிடப் பெரிய சக்கரமும் மாட்டியிருந்தார்கள். சக்கரம் முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் மிதியை அழுத்த வேண்டும்; வெட்டுவது சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகம். மற்ற நாட்களில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வருவார்கள். அன்று நடுவேலையில் கரண்ட் போய், சக்கரம் நின்ற பிறகு திரும்ப வந்தது. சுவிட்ச் போட்டான், மிதித்தான், கத்தி தகட்டுக்குள் பாதியில் நின்றது. கடப்பாரையால் சக்கரத்தை நெம்பினான். மோட்டார் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. சிக்கல் சட்டென விட்டதும் கடப்பாரை திரும்பி நெஞ்சில் அடித்தது.

"சுவிட்சை அணைக்காம நெம்பினது தப்புதான்" என்றான் பக்கத்து மிஷினில் நின்ற அவன் தம்பி. "ஆனா காத்திருக்காம மிதிச்சான்னு சொல்லாதீங்க. இருபது வரைக்கும் வாய்விட்டு எண்ணினான். என் காதால கேட்டேன்."

"அண்ணனுக்குத் தம்பி சாட்சி" என்றார் சூப்பர்வைசர். "வேலிக்கு ஓணான் சாட்சி."

மிஷினில் ஒட்டியிருந்த அறிவிப்பில் எழுதியிருந்தது: சுவிட்ச் போட்டு இருபது விநாடி காத்திருக்கவும்.

அந்த இருபதைக் கணக்குப் போட்ட இன்ஜினியர் வியாழக்கிழமை வந்தார். எல்லோரும் அவரைக் கால்குலேட்டர் என்று கூப்பிடுவார்கள், அவர் இல்லாதபோது. பேக்கிங்கிலிருந்து அவளும் வந்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றாள்.

தம்பி சுவிட்ச் போட்டான். கால்குலேட்டர் வேகமானியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சக்கரம் முதலில் விறுவிறுவென்று ஏறியது. இருபதாவது விநாடியில் நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு சுற்றுதான் காட்டியது. தேவை முந்நூறு. முந்நூறை நெருங்க நெருங்க முள் நகர்வதே தெரியவில்லை. முந்நூறைத் தொட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

"என்ன சார், மோட்டார் சோம்பேறியா?" என்றார் சூப்பர்வைசர்.

"மோட்டார் சரியாத்தான் இருக்கு." கால்குலேட்டரின் குரல் இறங்கியிருந்தது. "கிளம்பும்போது மோட்டாருக்கு இருக்கிற முறுக்கு விசை கடைசி வரைக்கும் இருக்கும்னு வச்சு வகுத்துட்டேன். சக்கரத்தோட நிலைமத்தை வேகத்தால பெருக்கி, அந்த முறுக்கால வகுத்தா இருபதுதான் வரும். ஆனா இந்த மோட்டார்ல வேகம் ஏற ஏற முறுக்கு குறையும். முந்நூத்திப் பதினஞ்சுல ஒண்ணுமே மிச்சமிருக்காது. அதனால கிட்டப் போகப் போக நகர மாட்டேங்குது."

"அப்போ இருபதுல?" என்றான் தம்பி.

"வேகம் மூணுல ரெண்டு பங்குகூட இல்ல. வெட்டுற சக்தி வேகத்தோட வர்க்கத்துல போகும். அஞ்சுல ரெண்டு பங்குதான் இருக்கும்."

"அதெல்லாம் சரி சார்" என்றார் சூப்பர்வைசர். "அவன் இருபது காத்திருந்தான்னு எப்படித் தெரியும்? அஞ்சுலயே மிதிச்சிருக்கலாமே."

தம்பி உள்ளே போய், அன்று சிக்கிய தகட்டை எடுத்து வந்தான். அதே கனத்தில் இரண்டு புதுத் தகடுகளும் கொண்டுவந்தான். எல்லோரையும் கோட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, நீளக் கம்பியால் மிதியை அழுத்தினான். முதல் தகட்டுக்கு ஐந்து எண்ணினான். கத்தி ஒரு கீறல் மட்டும் போட்டு நின்றது. அணைத்து, கத்தியைத் தூக்கி, சக்கரம் நிற்கும் வரை காத்திருந்து, இரண்டாவதுக்கு இருபது எண்ணினான். பாதியில் நின்றது.

கால்குலேட்டர் இரண்டு வெட்டுகளின் ஆழத்தையும் பழைய தகட்டோடு வைத்துப் பார்த்தார். இருபதின் வெட்டுக்கும் பழையதுக்கும் நகம் வைத்துத் தடவினாலும் வித்தியாசம் தெரியவில்லை.

"இருபதுதான் எண்ணியிருக்கார்" என்றார். "நான் எழுதினபடியே."

சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றி, திரும்பவும் போட்டுக்கொண்டார்.

அவள் கோட்டைத் தாண்டி வந்து ஐந்து எண்ணி வெட்டிய தகட்டை எடுத்தாள். "தம்பி, இதுல சிக்கியிருந்தா?"

"சிக்கியே இருக்காது, அண்ணி. லேசாத் தட்டினா கத்தி மேல வந்திருக்கும்."

"அப்போ அவசரப்பட்டிருந்தா உயிரோட இருந்திருப்பாரு."

கால்குலேட்டர், "அம்மா, தப்பு என்னோடது, எழுதிக் கொடுக்கறேன்" என்றார்.

"எழுதிக் கொடுங்க சார்" என்றாள் அவள். "நான் சீக்கிரம் வாங்கன்னு சொன்னேன். அப்பவும் நிதானமா இருபது எண்ணியிருக்காரு. எந்தக் காலத்துல என் பேச்சைக் கேட்டாரு."

தகட்டைக் கீழே வைத்துவிட்டு பேக்கிங்குக்குத் திரும்பினாள். தம்பி மிஷினில் ஒட்டியிருந்த இருபது விநாடி அறிவிப்பை ஸ்க்ரூடிரைவரால் சுரண்ட ஆரம்பித்தான். பசை நல்ல பசை. லேசில் வரவில்லை.