லாரியை நிறுத்தும் அதிகாரம்

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பார்த்துக்கோங்க'. அவர் அனுப்பும் மெயிலில் உருப்படியாக இருக்கும் ஒரே சொல் அதுதான். ஜெனரேட்டர் பழுதா, பார்த்துக்கோங்க. ஊசி தீர்ந்துவிட்டதா, பார்த்துக்கோங்க. யார் பார்ப்பது, எதுவரை பார்ப்பது, எப்போதைக்குள் பார்ப்பது என்றெல்லாம் எழுதினால் அவர் கௌரவம் என்ன ஆவது? காரியம் நடந்தால் அவர் பார்த்தது. நடக்காவிட்டால் நாங்கள் பார்க்காதது. பழைய டெக்னீஷியன் ஜெனரேட்டரைத் தன் இஷ்டத்துக்கு மாற்றினான் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அவனுக்கும் பார்த்துக்கோங்க என்றுதான் மெயில் போயிருந்தது.

நான் டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம். அதற்குக் கிருமியில்லாத தண்ணீர் நிறைய வேண்டும். அந்தப் பிரிவைப் பக்கத்துத் தெருவில் உள்ள புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று முடிவானதும் எனக்கும் டெக்னீஷியனுக்கும் ஸ்டோர்காரருக்கும் சேர்த்து ஒரு மெயில் வந்தது. "வரும் ஞாயிறு ஷிஃப்டிங். எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கோங்க." கீழே அவருடைய பதவி மட்டும் நாலு வரிக்கு நீண்டிருந்தது.

மூன்று பேருக்குப் போன வேலை யாருக்கும் போகாத வேலை. ஸ்டோர்காரர் டெக்னீஷியன் பார்ப்பான் என்று இருந்தார். டெக்னீஷியன் நான் பார்ப்பேன் என்று இருந்தான். எனக்கு மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. திங்கள் காலை முதல் ஷிஃப்டில் படுப்பவர்களில் ஒருவர் என் சித்தப்பா. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்த மனிதர். சனி, ஞாயிறு இடைவெளியிலேயே அவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். திங்களும் தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பதை நான் வேறு ஆட்களிடம் பார்த்திருக்கிறேன்.

டெக்னீஷியனைக் கேட்டேன். "தம்பி, புதுக் கட்டடத்துத் தண்ணி டெஸ்ட் என்ன ஆச்சு?"

"சாம்பிள் லேபுக்குப் போயிருக்கு சிஸ்டர். வெள்ளிக்கிழமைதான் ரிசல்ட் வரும். கிருமி இருந்தா மறுபடி லைனைக் கழுவி, மறுபடி டெஸ்ட் பண்ணணும்."

"அப்படி ஆச்சுன்னா ஷிஃப்டிங்கை யாரு நிறுத்துவா?"

"நான் நிறுத்த மாட்டேன். எனக்கு முன்னாடி இருந்தவன் கதை தெரியும்ல."

சனிக்கிழமை கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் பிளம்பர் வந்து பழைய கட்டடத்தின் தண்ணீர்க் குழாயை வெட்டுவார், பின்னாலேயே லாரி வரும் என்பது ஏற்பாடு. வெட்டிய பிறகு திரும்ப வழியில்லை.

நானே உட்கார்ந்து மேனேஜர் பெயரில் அனுப்ப ஒரு மெயில் எழுதினேன். முகவரியில் டெக்னீஷியன் ஒருவன்தான். நானும் ஸ்டோர்காரரும் தகவலுக்கு மட்டும். மேனேஜரே பேசுவது போல எழுதியது இது: திங்கள் காலை முதல் ஷிஃப்ட் நோயாளிகள் எல்லாருக்கும், கிருமி இல்லை என்று லேப் சொன்ன தண்ணீரில் டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும். எந்தக் கட்டடம் என்பது முக்கியமில்லை. மாற்றுவதா வேண்டாமா என்பது வெள்ளி மாலைக்குள் முடிவாக வேண்டும். பிளம்பரையும் லாரியையும் நிறுத்தும் அதிகாரம் டெக்னீஷியனுக்கு உண்டு, என்னைக் கேட்க வேண்டியதில்லை. புதிதாகப் பணம் செலவாகும் என்றால் மட்டும் கேட்கவும். வெள்ளி நாலு மணிக்கு லேப் ரிசல்ட்டோடு எனக்கு ஒரு ஃபோன். ஐந்துக்குள் என்னைப் பிடிக்க முடியாவிட்டால் டெக்னீஷியன் எடுப்பதே என் முடிவு.

மேனேஜர் திரையில் அதைப் படித்தார். பாதியில் முகம் கோணியது.

"என்ன சிஸ்டர் இது, என்னைக் கேட்க வேண்டாம்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

எனக்கும் பல நாளாக இருந்த சந்தேகம்தான்.

"தண்ணி சரியில்லன்னா அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் நிறுத்தணும் சார்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றவர், அதிகாரம் என்ற சொல் இருந்த வாக்கியத்தை அப்படியே அழித்துவிட்டு, பெரிய சாதனை செய்த திருப்தியோடு அனுப்பு என்ற பொத்தானைத் தட்டினார். அதற்குக் கீழே அவர் கண் போகவில்லை. எதையும் முழுசாகப் படிக்கிற பழக்கம் மனிதருக்குப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுப் போயிருக்க வேண்டும். கடைசி வரி அப்படியே போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ரிசல்ட் வந்தது. கிருமி அளவு எல்லைக்கு மேல். கிட்னி டாக்டருக்கு ஃபோன் செய்து சொன்னோம். "அந்தத் தண்ணியில ஒருத்தரையும் படுக்க வைக்கக்கூடாது," என்றார். லாரியை நிறுத்தலாமா என்றதற்கு, "அதை மேனேஜர்கிட்ட கேளுங்க," என்று வைத்துவிட்டார்.

மேனேஜர் எங்கே? தலைமைப் பண்பு பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தார். ஏதோ ஏரிக்கரை விடுதி. கவனம் சிதறக் கூடாது என்று வாசலிலேயே ஃபோனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம். நாலு மணிக்கு டெக்னீஷியன் கூப்பிட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விடுதிக்குக் கூப்பிட்டால், "ஐயா எல்லாரும் வட்டமா உக்காந்திருக்காங்க, நடுவுல கூப்பிடக் கூடாதாம்," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். தலைமை தாங்கக் கற்றுக்கொள்ளும் கூட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்க, இங்கே கடிகாரம் நாலரையைத் தாண்டியது.

டெக்னீஷியன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னால முடியாது சிஸ்டர். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

வெள்ளிகளில் மட்டும் மாலை ஷிஃப்டுக்கு வரும் சித்தப்பா அந்தச் சமயத்தில் மூன்றாவது கட்டிலில் இருந்தார், கையில் ஊசியும் குழாயுமாக. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "ஏம்மா, இங்க யாரு பொறுப்பு?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் மெயிலைத் திறந்து டெக்னீஷியன் முன்னால் வைத்தேன். "கடைசி வரியைப் படி தம்பி."

படித்தான். திரும்பவும் படித்தான். "இது அவரு அனுப்பினதா?"

"அவரு கையாலதான். ஐஞ்சு மணி வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இரு. அதுக்கு மேல நீ எடுக்கறதுதான் அவரோட முடிவு."

ஐந்து வரை கூப்பிட்டான். பிறகு பிளம்பரை நிறுத்தினான், லாரியை நிறுத்தினான். செய்ததையும் காரணத்தையும் இரண்டு வரியில் அதே மெயிலுக்கான பதிலாக எல்லாருக்கும் அனுப்பினான்.

திங்கள் காலை சித்தப்பா வழக்கமான கட்டிலில், பழைய கட்டடத்துத் தண்ணீரில், வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் புயல் மாதிரி உள்ளே வந்தார். "யாரைக் கேட்டு லாரியை நிறுத்தினீங்க?"

டெக்னீஷியன் என்னைப் பார்த்தான். நான் ஃபோனை நீட்டினேன். மேனேஜர் தன் மெயிலை முதல் தடவையாக முழுசாகப் படித்தார். காது மடல் வரை சிவந்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் ஆஸ்பத்திரி முதலாளிக்கு அவர் அனுப்பிய மெயில் எங்களுக்கும் நகல் வந்தது. "தக்க சமயத்தில் நான் எடுத்த முடிவால் பெரிய ஆபத்து தவிர்க்கப்பட்டது." வெட்கம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே கொடுத்து அனுப்பப்படுவதில்லை.

அடுத்த வாரம் புதுக் கட்டடத்துக் குழாயைக் கழுவி, திரும்ப டெஸ்டுக்கு அனுப்பியதும் புதிய மெயில் வந்தது. "ஷிஃப்டிங் விரைவில். எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கோங்க." பயிற்சியில் வட்டமாக உட்கார்ந்ததற்கு இதுதான் பலன்.

ஆனால் இந்த முறை நான் கணினி பக்கம் போவதற்குள் டெக்னீஷியன் எல்லாருக்கும் பதில் போட்டிருந்தான், முதலாளியையும் சேர்த்து. எது நடந்தால் முடிந்ததாக அர்த்தம், எந்தத் தேதிக்குள், நிறுத்துவது யார், உங்களிடம் எப்போது சொல்ல வேண்டும். இந்த நாலுக்கும் பதில் வரும்வரை ஒரு பிளக்கையும் நான் பிடுங்கப் போவதில்லை என்று எழுதியிருந்தான்.

உடனே அவன் ஃபோன் அடித்தது. மேனேஜர். அவர் கத்தியது எனக்கே கேட்டது. அவன் பொறுமையாகக் கேட்டு முடித்தான்.

"சரி சார். இதையே மெயில்ல போட்டுடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டு, சித்தப்பாவின் கட்டில் பக்கம் போய் இயந்திரத்தின் அளவுகளைச் சரிபார்க்கத் தொடங்கினான்.