ஆறரை கிலோமீட்டர்

அணியில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. ஒவ்வொரு கால்பந்து ஆட்டத்திலும் யார் எவ்வளவு தூரம் ஓடினார், அதில் எவ்வளவு வேகமாக ஓடினார் என்று கணக்கெடுப்பதுதான் வேலை. மறுநாள் அந்தப் பட்டியலை உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டுவாள். பரீட்சை முடிவு பார்க்க வருவது போல அத்தனை தடியன்களும் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். வெளியே சிடுசிடுத்தாலும் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வாரம் எல்லோர் கண்ணும் ஒருவர் மேல் இருந்தது. நடுக்கள ஆட்டக்காரர், வயது முப்பத்திரண்டு. பயிற்சிக்குக்கூடத் தலையை வழித்துச் சீவிக்கொண்டு வருவதால் மாப்பிள்ளை என்று பெயர். பின்தொடைத் தசை கிழிந்து ஏழு வாரம் படுத்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தார். அடுத்த சீசனுக்கு அவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பதை இந்த மாதம் முடிவு செய்வார்கள். அதே தசை மறுபடி கிழிந்தால் முடிவு செய்ய ஒன்றுமில்லை.

பிசியோ அண்ணன் அதற்கென ஒரு வரம்பு போட்டிருந்தார். அவர் அணியின் இயன்முறை மருத்துவர், பாதிப் பேருக்கு அப்பா வயசு. சனிக்கிழமை ஓர் ஆட்டம், செவ்வாய்க்கிழமை ஓர் ஆட்டம். மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வேக ஓட்டம் இரண்டிலும் சேர்த்து ஆயிரத்து இருநூறு மீட்டரைத் தாண்டக் கூடாது. மெதுவாக எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் தசை பொறுத்துக்கொள்ளும், வேகத்தைத்தான் பொறுக்காது என்று படித்துப் படித்துச் சொன்னார்.

சனிக்கிழமை ஆட்டம் வெளியூரில். பேருந்தில் இடம் போதாமல் டீச்சர் போகவில்லை. ஆட்டக்காரர்கள் முதுகில் அணியும் கருவிகள் மட்டும் போய்த் திரும்பி வந்தன. மற்ற கருவிகளின் பதிவெல்லாம் ஒழுங்காகத் திறந்தது. மாப்பிள்ளையின் கருவி மட்டும் மக்கர் செய்தது. அதிலிருந்து அவளுக்குக் கிடைத்தது சுருக்கம் மட்டும்தான். சராசரி வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். ஓடிய தூரத்தில் வேக ஓட்டத்தின் பங்கு நூற்றுக்கு எட்டு. மொத்த தூரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

இதற்கெல்லாம் அசருகிறவளா அவள்? வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் தூரம். ஆட்ட அறிக்கையில் பார்த்தாள், எழுபத்தெட்டாவது நிமிடத்தில் அவரை மாற்றியிருந்தார்கள். எழுபத்தெட்டை அறுபதால் வகுத்து ஐந்தால் பெருக்கினாள். ஆறரை கிலோமீட்டர். அதில் நூற்றுக்கு எட்டு, ஐநூற்று இருபது மீட்டர். ஐந்து நிமிட வேலை.

பிசியோ அண்ணன் மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது, மணிக்கு அஞ்சு கிலோமீட்டரா? நான் கடைக்குப் பால் வாங்கப் போறதே இதைவிட வேகம்."

"ஏழு வாரம் கழிச்சு வந்திருக்காரில்ல அண்ணா. பயந்து பயந்து ஆடியிருப்பாரு."

சொல்லும்போதே அவளுக்கும் நெருடத்தான் செய்தது. சராசரி வேகம் மணிக்கு ஏழுக்குக் கீழே போன நடுக்கள ஆட்டக்காரர் யாரையும் அவள் பார்த்ததில்லை. ஆனால் பயிற்சியாளர் வாசலில் நின்று பட்டியலுக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஒட்டிவிட்டாள்.

பயிற்சியாளர் விரலை மேலிருந்து கீழே ஓட்டி, கடைசி வரியில் நிறுத்தினார்.

"நல்லா ஓடின மாதிரிதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. டீச்சரம்மா கணக்கு வேற சொல்லுதே. மாப்பிள்ளை பொண்ணு பார்க்கப் போற மாதிரி நிதானமா நடந்திருக்காரு போல."

அறையே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார், ஆனால் காதுமடல் சிவந்துவிட்டது. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்பிய பயிற்சியாளரை என்ன சொல்ல. நம்ப வைத்தவள் அவள்தானே.

செவ்வாய்க்கிழமைக்கு அவர் எவ்வளவு நேரம் ஆடலாம் என்று பயிற்சியாளர் கேட்டார். ஐநூற்று இருபது போக மீதி அறுநூற்று எண்பது மீட்டர். எழுபத்தெட்டு நிமிடத்துக்கு ஐநூற்று இருபது என்றால் தொண்ணூறு நிமிடத்துக்கு அறுநூறு. தாராளமாக முழு ஆட்டமும் ஆடலாம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை சொந்த மைதானம். டீச்சர் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். எண்கள் நேரடியாக வந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை வெறிபிடித்தவர் போல ஓடினார். ஓட வேண்டாத பந்துக்கும் ஓடினார். கூடுதல் நேரத்தோடு நாற்பத்தேழு நிமிடம் ஓடிய முதல் பாதியில் ஐந்து புள்ளி எட்டு கிலோமீட்டர், அதில் வேக ஓட்டம் ஐநூற்றுப் பத்து மீட்டர். சராசரி வேகம் ஏழு புள்ளி நான்கு.

டீச்சர் கணக்குப் பார்த்தாள். முழு ஆட்டம் தாங்காது. மிச்சம் நூற்றெழுபது மீட்டர்தான், இந்த வேகத்தில் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இடைவேளைக்கு உள்ளே போகும்போதே பயிற்சியாளரைப் பிடித்துச் சொன்னாள்.

"சார், மாப்பிள்ளை அண்ணனை அறுபதாவது நிமிஷம் எடுத்துடுங்க. அதுக்கு மேல வேண்டாம்."

"சரி, அறுபதுல எடுத்துடறேன்."

பாரம் இறங்கிய நிம்மதியில் உடைமாற்றும் அறை மூலையில் போய் நின்றாள். ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியாளர் பலகையில் கோடு கிழித்துக் கத்திக்கொண்டிருந்தார். அவள் சும்மா டேப்லெட்டைப் பார்த்தாள். பதிவை இடைவேளையில் நிறுத்தி வைக்க மறந்திருந்தாள். மாப்பிள்ளையின் சராசரி வேகம் ஐந்து புள்ளி எட்டு என்று காட்டியது.

ஏழு புள்ளி நான்கு எங்கே போனது? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு புள்ளி இறங்கியது. மாப்பிள்ளை எதிரே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கருவி முதுகில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிடத்தையும் அது சராசரியில் சேர்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமையும் இதேதான். அங்கே பதிவை நிறுத்தி நிறுத்தி வெட்ட அவள் இல்லை. கருவி இடைவேளை முழுக்க ஓடியிருக்கும். அவரை மாற்றிய பிறகு பெஞ்சில் இருந்த நேரமும் ஓடியிருக்கும். அந்த ஐந்து, ஆடிய நேரத்தின் சராசரி இல்லை. ஆடியதும் உட்கார்ந்ததும் சேர்ந்த சராசரி. அதைப் போய் ஆடிய நிமிடத்தால் மட்டும் பெருக்கியிருக்கிறாள்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இருபது பேர் முன்னால், பயிற்சியாளர் கத்திக்கொண்டிருக்கும்போது, நான் போட்ட கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வது? எவ்வளவு தப்பு என்று தெரியாமல் சொல்லி என்ன பயன்? எப்படியும் அறுபதில் எடுக்கத்தானே போகிறார். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

மாப்பிள்ளை கதவருகே அவள் முன்னால் நின்றார்.

"என்ன டீச்சர், இன்னிக்கு நடக்கறேனா, ஓடறேனா?"

"ஓடறீங்க அண்ணா. நல்லா ஓடறீங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். பிசியோ அண்ணனும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

அறை காலியானதும் மடிக்கணினியைத் திறந்தாள். அவசரத்தில் கடவுச்சொல் இரண்டு தடவை தப்பாகப் போனது. சனிக்கிழமை கருவியை எப்போது போட்டார்கள், எப்போது அணைத்தார்கள் என்ற குறிப்பு உள்ளே எங்கோ புதைந்திருந்தது. தேடி எடுத்தாள். நூற்றுப் பதினான்கு நிமிடம். முதல் பாதி நாற்பத்தேழு, இடைவேளை பதினைந்து, மாற்றும்வரை முப்பத்து மூன்று, பெஞ்சிலும் பிறகும் பத்தொன்பது. கூட்டினால் அச்சாக அவ்வளவுதான் வந்தது.

ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நூற்றுப் பதினான்கு நிமிடம் என்றால் ஒன்பதரை கிலோமீட்டர். கூடுதல் நேரத்தோடு ஆடிய எண்பது நிமிடத்துக்கு அதைப் பங்கிட்டால் மணிக்கு ஏழுக்கு மேல். வேக ஓட்டத்தின் பங்கு தூரத்தில்தான், உட்கார்ந்ததால் அது மாறாது. ஒன்பதரையில் நூற்றுக்கு எட்டு, எழுநூற்று அறுபது மீட்டர். இன்றைய ஐநூற்றுப் பத்தைச் சேர்த்தால் ஆயிரத்து இருநூற்று எழுபது. முதல் பாதி முடியும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது.

மடிக்கணினியை மூடாமல் ஓடினாள். ஆட்டக்காரர்கள் வெளியே போகும் சுரங்கப் பாதையின் முனைக்கு வந்தபோது மைதானம் விநோதமாக அமைதியாக இருந்தது. கோட்டோரத்தில் மாப்பிள்ளை குப்புறக் கிடந்தார். ஒரு கை பின்தொடையைப் பிடித்திருந்தது. யாரும் அவர் மேல் மோதவில்லை. அறிவிப்புப் பலகையில் ஐம்பத்து நான்கு என்றிருந்தது.

ஆட்டம் முடிந்த பிறகு சிகிச்சை அறைக்குப் போனாள். போகாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் தேடியிருக்கமாட்டார்கள். மாப்பிள்ளை மேசையில் குப்புறப் படுத்திருந்தார். பிசியோ அண்ணன் தொடையில் பனிக்கட்டிப் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சனிக்கிழமை நீங்க ஆறரை ஓடலை. ஒன்பதரை ஓடியிருக்கீங்க. நான்தான் தப்பாப் போட்டேன். உட்கார்ந்திருந்த நேரமும் சராசரியில சேர்ந்திருக்கு, நான் கவனிக்கலை."

அவர் முழங்கையை ஊன்றி லேசாக எழுந்தார்.

"ஒன்பதரையா," என்றார். "அப்ப நான் நடக்கலை."

"இல்லண்ணா."

"நானே நம்பிட்டேன் தெரியுமா? கால் பயந்துடுச்சு போலன்னு. நான் ஓடினதா நினைச்சுக்கிட்டு நடந்திருக்கேன் போலன்னு." தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "சரியான கணக்குன்னா இன்னிக்கு எவ்வளவு நேரம் ஆடியிருக்கலாம்?"

"முதல் பாதி. அதுவே அதிகம்."

பிசியோ அண்ணனின் கை கட்டுத்துணியோடு நின்றுவிட்டது.

"இது உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

கணக்கு முழுசாக முடிந்தது ஐம்பத்து நான்காவது நிமிடத்தில். அதைச் சொன்னால் பொய்யாகாது. யாரும் குறை சொல்லவும் முடியாது. அவளுக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"இடைவேளையில," என்றாள். "நீங்க எல்லாம் உட்கார்ந்திருந்தப்ப."

"நான் கதவுகிட்ட கேட்டேனே, ஓடறேனான்னு. அப்பவே தெரியுமா?"

"தெரியும்ணா."

அவர் மறுபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டுவார் என்று அவள் காத்து நின்றாள். அவர் திட்டவில்லை. பிசியோ அண்ணன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கட்டைத் தொடர்ந்தார்.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போம்மா," என்றார்.