பாஸ்வேர்டு மறந்த வீடு

ஐந்தாவது தடவையும் பாஸ்வேர்டு தப்பு என்று செல்போன் சொன்ன அதே நிமிஷம், எக்ஸ்சேஞ்ச்காரம்மாவின் சமையலறைக் குழாய் அவள் கைக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டது. பிளம்பர் வந்து திறந்தார், கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரி திறந்தாள், கொட்டியது. எக்ஸ்சேஞ்ச்காரம்மா திறந்தால் மட்டும் ஒரு சொட்டு இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வாஷர் மாற்றி, அதற்குரிய காசை வாங்கிக்கொண்டு, "உங்களைத்தாம்மா அதுக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார் பிளம்பர். அவர் தொழிலில் இதைவிட விசித்திரமான குழாய்களையெல்லாம் பார்த்தவர். மறுநாள் சமையலறை ஸ்விட்ச் அவள் விரலுக்கு மசியவில்லை. அதற்கு மறுநாள் கண்ணாடி பீரோ. வீட்டுக்குள் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக, யாரம்மா நீ என்று கேட்கத் தொடங்கியிருந்தன.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்புக் கொடுத்தவள் அவள். நாலாயிரம் சந்தாதாரர்களின் எண்ணும் தலைக்குள் இருந்தது. டைரக்டரியைப் புரட்டுகிற ஆபரேட்டர்களைக் கண்டாலே அவளுக்கு இளக்காரம். எண்ணைக் காகிதத்தில் எழுதுகிறவள் ஆபரேட்டரே இல்லை என்பாள். அந்தத் திமிர்தான் இந்தப் பாடு படுத்தியது. மகன் உயிரோடு இருந்தபோது அவளுக்கு போட்டோ சேமிக்கிற கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுத்திருந்தான். குடும்பத்தில் யார் எந்தப் படம் எடுத்தாலும் அதில் போய்ச் சேரும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் படங்கள். மகன் போய் ஆறு மாதம் கழித்து, உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது என்று எவனோ ஒரு மோசடிக்காரன் குறுஞ்செய்தி அனுப்ப, இவள் வெலவெலத்துப் போய், மகன் வைத்த பாஸ்வேர்டைத் தானே மாற்றினாள். பழைய சந்தாதாரர் எண் ஒன்றைப் போட்டாள். எழுதி வைக்கவில்லை. எழுதுவாளா? போன் எப்போதும் அந்தக் கணக்கைத் திறந்தே வைத்திருந்ததால் ஒன்றரை வருஷம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. பிறகு போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது. புதுப் போன் வாங்கினாள், அது முதல் கேள்வியாகப் பாஸ்வேர்டைக் கேட்டது. நாலாயிரத்தில் எந்த எண் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

படங்கள் போனால் போகட்டும் என்றுகூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஒரு வீடியோ இருந்தது. மகன் பேசுகிற வீடியோ அது ஒன்றுதான், இருபது விநாடி. அவன் குரல் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. தினமும் காலையில் ஒரு தடவை அதைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். இப்போது பதினொரு நாளாகக் கேட்கவில்லை. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு நழுவ ஆரம்பித்திருந்தது. ஐயோ, ஒரு தாய்க்கு அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது!

கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை பார்க்கும் பேத்தி, அந்த மகனின் மகள், ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுத் துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். சாவி பாட்டியின் கையில் திரும்ப மறுத்ததால் பாட்டி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பேத்தி அதே சாவியை வாங்கிப் போட்டதும் கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது. துணிப்பையை இறக்கி வைத்த கையோடு புதுப் போனை வாங்கிப் பார்த்தாள்.

"பாட்டி, எத்தனை தடவை தப்பா அடிச்சே?"

"எண்ணலடி. ஒரு நாப்பது இருக்கும்."

பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாப்பதா! அவங்களுக்கு நீ திருடி மாதிரி தெரிவே, பாட்டி."

அவள் முதலில் கணக்கை மீட்கிற பக்கத்துக்குப் போனாள். பதிவு செய்த போனுக்குக் கோட் அனுப்புகிறோம் என்றது. கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டியது. அதைப் பார்த்ததும் பாட்டி முகம் வெளுத்தது. அது மகனின் எண். கணக்கைத் தொடங்கியபோது அவன் தன் எண்ணையே கொடுத்திருக்கிறான். அவன் போன பிறகு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, சில மாதம் பார்த்துவிட்டு கம்பெனி அந்த எண்ணை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. பேத்தி அந்த எண்ணைக் கூப்பிட்டபோது பாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அந்த எண் அடித்தால் அவன்தான் எடுப்பான் என்று அவள் உடம்புக்குள் ஏதோ ஒன்று இன்னும் நம்பியது. எடுத்தவர் பார்சல் வண்டி ஓட்டுகிற ஒருவர்.

"ஒரு கோட் வந்திருக்கும்ணே, ஆறு நம்பர். அதை மட்டும் சொன்னீங்கன்னா போதும்" என்றாள் பேத்தி.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. கோட்டை யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு பேங்க்லருந்து பொண்டாட்டி வரைக்கும் சொல்லி வச்சிருக்காங்க."

"எங்க அப்பா நம்பர்ண்ணே அது."

"இருக்கலாம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பேத்தி மன்னிப்புக் கேட்டு வைத்தாள். பாட்டி அன்று முழுக்க அந்த ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள், சாயங்காலம் அவர் பாவம் என்று கண்ணீர் விட்டாள். மாற்று மின்னஞ்சல் என்று இருந்தது மகனுடைய ஆபீஸ் முகவரி, அதை ஆபீஸ் எப்போதோ மூடிவிட்டது. வேறு வழி என்று அழுத்த அழுத்தப் பாதைகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தன. கடைசியில், இது நீங்கள்தான் என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை என்று திரையில் வந்தது. அந்த வரி வந்த விநாடியில் பாட்டி முப்பது வருஷமாக உட்காருகிற நாற்காலி அவளைக் கீழே தள்ளிவிட்டது.

இதற்கு ஒரு முறை இருக்கிறது என்று பேத்தி விடாமல் படித்துத் தெரிந்துகொண்டாள். அந்தப் பக்கத்தில் ஆள் யாரும் உட்கார்ந்து விசாரிப்பதில்லை. பழகின கருவியா, பழகின இடமா, பழகின இணைய இணைப்பா என்று இயந்திரம் பார்க்கிறது. புதுப் போனில் நாற்பது தடவை முட்டினால் சந்தேகம்தான் கூடும். கணக்கை எங்கே தொடங்கினார்களோ அங்கேயே போய்க் கதவைத் தட்ட வேண்டும். மகனின் பழைய லேப்டாப் பரணில் கிடந்தது. பேட்டரி தோசைக்கல் கனத்துக்கு உப்பியிருந்தது. ரிப்பேர் கடைக்காரர் அதைப் பத்திரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, சார்ஜர் வயரிலேயே ஓடும், வயரை ஆட்டாதீங்க என்றார். வீட்டு வைஃபையோ மகன் போட்ட அதே இணைப்பு.

"பாட்டி, இப்போ நீ வச்ச பாஸ்வேர்டு வேணாம். உனக்கு நிச்சயமா ஞாபகம் இருக்கிற பழையது எது? அப்பா வச்சது?"

பாட்டி யோசிக்காமல் சொன்னாள். அவள் பெயரும் அவன் பிறந்த தேதியும். அதை யார் மறப்பார்கள்? கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டு என்று கேட்ட கட்டத்தில் பேத்தி அதை ஒரு எழுத்து பிசகாமல் அடித்தாள். தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்டது, தன்னுடையதைக் கொடுத்தாள். அங்கே வந்த கோட் எண்ணை இங்கே போட்டாள். உங்கள் வேண்டுகோளைப் பரிசீலிக்கிறோம், மூன்று நாள் வரை ஆகலாம் என்று வந்தது.

"இந்த மூணு நாளும் நீ எதையும் தொடக்கூடாது, பாட்டி. ஒரு தடவைகூட முயற்சி பண்ணக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். இரண்டாம் நாள் பேத்தி மளிகை வாங்கப் போன முக்கால் மணி நேரத்தில், புதுப் போனை எடுத்து அறுபத்து மூன்று சந்தாதாரர்களை ஒவ்வொருவராக அடித்துப் பார்த்தாள். ஆபரேட்டரின் கை சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் மெயில் வந்தது. உறுதி செய்ய முடியவில்லை என்று அதே வரி. அதற்குக் காரணம் அந்த அறுபத்து மூன்றா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டிக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை.

"நானே என் பிள்ளையை ரெண்டாந்தரம் சாகடிச்சிட்டேன்டி" என்று சுவரில் மோதிக்கொண்டாள். முதல் மோதலுக்குப் பிறகு சுவர்கூட அவளைத் தாங்காமல் சற்று விலகிக்கொண்டது. பேத்திக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கத்த வாயைத் திறந்தவள், கிழவியின் நெற்றி வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். "சரி விடு. அவர் எனக்கும் அப்பாதானே" என்று மட்டும் சொன்னாள். புதுப் போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் எதையும் தொடாமல் ஆறப்போட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். லீவு தீர்ந்துவிட்டது, பேத்தி இங்கிருந்தே கடைக்குப் போய் வந்தாள். அந்த வாரம்தான் வீடு முழுசாகக் கைவிட்டது. கட்டில் அவள் படுத்ததும் சாய்ந்துகொண்டது. போர்வை அவளுக்குச் சூடு தர மறுத்தது. சுவர்க்கடிகாரம் அவள் பார்க்கும்போதெல்லாம் வெற்று முகம் காட்டியது. பேத்தி கிளம்பியதும் கதவு தானாகவே பாட்டியை மெதுவாக வெளியே ஒதுக்கிவிடும், அவள் படியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை மகனின் குரலை ஞாபகத்தில் தேடுவாள். வார்த்தைகள் எல்லாம் இருந்தன. குரல் இல்லை. எத்தனையோ ஆயிரம் குரல்களைக் கேட்ட காது, ஹலோ என்ற ஒற்றைச் சொல்லிலேயே ஆளைச் சொல்லிவிடுகிற காது. அதற்குப் பெற்ற பிள்ளையின் குரல் மட்டும் அகப்படவில்லை. மேல்வீட்டுக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு படியேறப் பழகிவிட்டார்கள்.

எட்டாம் நாள், காலையில் அவள் வழக்கமாக வீடியோ பார்க்கிற நேரத்திலேயே, லேப்டாப்பைத் திறந்தார்கள். அதே மேஜை, அதே வைஃபை, அதே பழைய பாஸ்வேர்டு. இந்தத் தடவை பேத்தி பாட்டியையே அடிக்க வைத்தாள். விசைப்பலகை அவள் விரலுக்கு அசையவில்லை. பேத்தி அவள் விரல்மேல் தன் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள். பதினான்கு எழுத்து. வயரை ஆட்டிவிடக்கூடாதே என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி மூன்று நாள் என்றது. பாட்டி தன் இரண்டு கையையும் புடவை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அந்த மூன்று நாளையும் கழித்தாள். சோற்றைப் பேத்தி ஊட்டிவிட்டாள்.

மெயில் மூன்றாம் நாள் மத்தியானம், பேத்தி கடையில் ஒரு கிழவரிடம் கீழ் வரியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்தது. புதுப் பாஸ்வேர்டு வைக்க ஒரு சுட்டி. சீக்கிரம் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும் என்றும் இருந்தது. கிழவரைப் பாதிக் கண்ணோடு விட்டுவிட்டு ஓடி வந்தாள். புதுப் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள், பாட்டி தடுக்கவில்லை. மகனின் எண்ணை எடுத்துவிட்டுப் பேத்தியின் எண்ணைப் போட்டார்கள். அவசரத்துக்கு என்று கொடுத்த பத்துக் கோட்களையும் எழுதி இரண்டு இடத்தில் வைத்தார்கள். பிறகுதான் படங்களைத் திறந்தார்கள். சாம்பல் கட்டங்களாக வந்து, ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன. பேத்தி உருட்டி உருட்டி அந்த வீடியோவைக் கண்டுபிடித்து அழுத்தினாள்.

மகன் திரையில் வந்தான். "அம்மா, இங்க பாரேன், பட்டனை இப்படிப் பிடிச்சு அழுத்து, கையை ஆட்டாதே" என்றான்.

பாட்டி கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். ஆறாவது தடவை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"ஏன்டி, இவனுக்குச் சளி பிடிச்சிருந்திருக்கு. எத்தனை நாளா கேட்டிருக்கேன், இது ஏன் என் காதுல விழல?" என்றாள். "மாத்திரை போட்டானா அன்னைக்கு? நீ பாத்தியா? யாராவது கொடுத்தீங்களா?"

"நான் கொடுத்தேன் பாட்டி" என்றாள் பேத்தி. அன்று அவள் ஊரிலேயே இல்லை.

"நல்லா இருப்பே" என்று சொல்லிப் பாட்டி அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

வீடு மட்டும் கடைசிவரை மனம் மாறவில்லை. பேத்தி தன் சாமான்களைக் கொண்டுவந்து அங்கேயே குடியேறிவிட்டாள். காலையில் அவள் குழாயைத் திறந்து வாளிகளை நிரப்புகிறாள், ஸ்விட்சைப் போடுகிறாள், கட்டிலின் ஒரு ஓரத்தைத் தன் எடையால் பிடித்துக்கொண்டு பாட்டியைப் படுக்க வைக்கிறாள். பிறகு பாட்டி வீடியோவைக் கேட்கிறாள், பேத்தி வேலைக்குக் கிளம்புகிறாள், கதவு பாட்டியை வெளியே ஒதுக்குகிறது, மேல்வீட்டுக்காரர்கள் அவளுக்காகப் படியில் ஒரு மெத்தை போட்டிருக்கிறார்கள்.