கழலாத கீல்

அப்பலநாயுடுவின் இரும்புச் சாமான் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பூட்டைத்தான் கேட்பார்கள். கைப்பிடியைத் தடவிப் பார்ப்பார்கள், சாவியை ஆட்டிப் பார்ப்பார்கள். கீலைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. கதவைத் தூக்கிப் பிடித்திருப்பது கீல்தான் என்று நாயுடு எடுத்துச் சொன்னால், எதையோ தலையில் கட்டப் பார்க்கிறான் என்று முகம் சுளிப்பார்கள். அதற்காக அவர் சொல்லாமல் விட்டதும் இல்லை. விஜயநகரத்தில் பாதித் தலைவாசல்கள் அவரிடம் திட்டு வாங்கியபடியேதான் மாட்டப்பட்டவை.

சணல் மில் மேஸ்திரி சூரிபாபு வந்தபோதும் பேச்சு பூட்டில்தான் ஆரம்பித்தது. கூட அவன் மனைவி வரஹாலம்மா. எங்கே போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று தெருவில் பேச்சு. பெண்டாட்டியை நம்பாதவன் என்று சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நாயுடுவும் ஒருவர்.

"இந்தப் பூட்டு வேணும் நாயுடு காரு. ஆனா உள்பக்கமும் சாவி போட்டுத்தான் திறக்கணும்."

"உள்ளே திருகு வெச்சதுதான் எல்லாரும் வாங்கறாங்க தம்பி. அவசரத்துக்குத் திருகினா கதவு திறந்துக்கும்."

"திருகு வேணாம். ரெண்டு பக்கமும் சாவி."

"அப்ப நீ பூட்டிட்டு மில்லுக்குப் போயிட்டா வீட்ல இருக்கறவங்க?"

சூரிபாபு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தள்ளிப்போய்க் கீல் தட்டின் முன்னால் நின்றிருந்தாள். அவன் குரலை இறக்கினான்.

"போன மழைக்காலத்துல என் பையன் பெரிய செருவு ஏரியில மூழ்கிப் போயிட்டான், உங்களுக்குத் தெரியும். அதுலேர்ந்து இவ அந்தக் கரைக்கே போறா. ரெண்டு தடவை தண்ணியிலேர்ந்து இழுத்துட்டு வந்தேன். எங்கம்மா இருந்து பாத்துக்கிட்டாங்க, அவங்களும் தங்கச்சி வீட்டுக்குப் போயாச்சு. நான் வேலைக்குப் போகாம எப்படிச் சாப்பிடறது?"

நாயுடுவுக்கு அவன் சொன்னதை முழுசாக நம்ப மனம் வரவில்லை. சந்தேகப்படுகிற புருஷன் எதையும் சொல்லுவான். அதோடு, உள்ளே ஆள் இருக்க வெளியே பூட்டிய வீடு என்றாலே அவருக்கு ஆகாது. ரயில்வே காலனியில் அப்படி ஒரு வீடு தீப்பிடித்தபோது கடப்பாரையோடு ஓடியவர் அவர். கதவு உடைந்தபோது உள்ளே இருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

"பின்வாசல்?"

"செங்கல் வெச்சு அடைச்சிட்டேன். ஜன்னலுக்கெல்லாம் கம்பி."

"தீ கீ புடிச்சா என்ன பண்ணுவா அந்தப் பொண்ணு?"

"தீ எங்கேயோ என்னிக்கோ நாயுடு காரு. செருவு தினமும் இருக்கு."

நாயுடு கதவின் அளவு கேட்டார். தேக்குக் கதவு, ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், இரண்டு அங்குல கனம். மேலே கஜலக்ஷ்மி செதுக்கியது. எண்பது கிலோவுக்குக் குறையாது என்று நாயுடு மனசுக்குள் போட்டுப் பார்த்தார். நிலையோ வீடு கட்டத் தொடங்கும்போதே முகூர்த்தம் பார்த்து நட்டது. அதில் கதவு உட்காரும் காடியை ஒன்றே முக்கால் அங்குலத்துக்குத்தான் வெட்டியிருந்தார்கள்.

"நிலையை மாத்திடேன் தம்பி. கதவு ஒரு கனம், காடி ஒரு கனம். ஒத்து வராது."

"நிலையைத் தொட முடியாது. படிக்கு அடியில நவதானியத்தோட காசு போட்டது என் பையன். அவன் கையால."

"சரி, சரி. கதவு ஓரத்தைக் கால் அங்குலம் இழைச்சுக்கலாம்."

சூரிபாபு பையிலிருந்து மூன்று பித்தளைக் கீல்களை எடுத்து வைத்தான். விசாகப்பட்டினத்தில் வாங்கியவை, பளபளவென்று இருந்தன. நாயுடுவுக்குக் கோபம் வந்தது.

"இத பூஜை ரூம் கதவுக்கு மாட்டு. எண்பது கிலோவை இதுல தொங்கவிட்டா ஆறே மாசத்துல தேஞ்சு கதவு இறங்கும். இறங்கினா பூட்டு நாக்கு நிலையில இருக்கற ஓட்டைக்கு நேரா வராது. உன் ஒசத்திப் பூட்டு சும்மா அழகுக்கு நிக்கும். எவர்சில்வர், அஞ்சங்குலம், ஆணி நுழையற குழலுக்கு நடுவுல பேரிங் வெச்சது, நாலு வேணும். மேலேதான் கதவு இழுக்கும், அதனால மேலே ரெண்டு, நடுவுல ஒண்ணு, கீழே ஒண்ணு. நிலை மூணு அங்குல கனம் இருக்கில்ல? ரெண்டரை அங்குல ஸ்க்ரூ போடு. குட்டி ஸ்க்ரூவைப் போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

பூட்டின் சிலிண்டரையும் கதவின் கனத்துக்கு அளந்துதான் கொடுத்தார். தகட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திருடன் குறடால் பிடித்து ஒடித்துவிடுவான். நிலையில் நாக்கு நுழையும் தகட்டுக்கும் நீள ஸ்க்ரூதான்.

இத்தனை பேச்சுக்கும் வரஹாலம்மா திரும்பவே இல்லை. அவள் ஒரு கீலைக் கையில் எடுத்திருந்தாள். அதன் நடுவே இருந்த ஆணியை அடியிலிருந்து விரலால் தள்ளினாள். அது மேலே எழும்பியது. விட்டாள், இறங்கியது. மறுபடி தள்ளினாள். நாயுடு அதைப் பார்த்தார். கூண்டுக்குள் இருப்பது கூண்டின் கம்பியைத் தொட்டுப் பார்க்கிறது என்றுதான் அவருக்குப் பட்டது.

அதே கீலில் ஆணி கழலும் வகையும் இருந்தது, கழலாத வகையும் இருந்தது. அவர் கழலும் வகையை எடுத்து வைத்தார்.

"ஆணி கழலுதே?" என்றான் சூரிபாபு.

"உன் கதவு உள்பக்கமாத் திறக்கறது. குழல் உள்ளேதான் இருக்கும். வெளியே நிக்கற திருடன் கைக்கு எட்டாது. நாளைக்கு பாலிஷ் போடக் கதவை இறக்கணும்னா ஸ்க்ரூவைத் தொடாம ஆணியை மட்டும் எடுத்தாப் போதும்."

சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டதுதான் காரணம்.

தச்சன் பைடிராஜு கதவை மாட்டிய அன்று நாயுடுவும் கூடப் போனார். அவர் போக வேண்டிய அவசியமே இல்லை. "என்ன அண்ணா, என் மேல நம்பிக்கை இல்லையா? இல்ல, சூரிபாபு வீட்டு வெல்லம் போட்ட புளிஹோராச் சாதத்து மேல ஆசையா?" என்று பைடிராஜு கிண்டல் செய்தான். மாட்டி முடித்துப் பைடிராஜு கிளம்பினான். சூரிபாபு அவனை வழியனுப்பத் தெருவுக்குப் போன இடைவெளியில், நாயுடு வரஹாலம்மாவிடம் வேகமாகச் சொன்னார்.

"அம்மா, கேட்டுக்கோ. தீ புடிச்சா, வேற ஏதாவது ஆபத்துன்னா, கதவுக்கு அடியில முதல்ல ஆப்பை இறுக்கு. ஆப்பு வெக்காமத் தொட்டே, கதவு உன் மேல விழும். அப்புறம் கீழ்க் கீல்லேர்ந்து மேல வரைக்கும் ஒவ்வொரு ஆணியையும் அடியிலேர்ந்து தட்டி எடு. கீல் பக்கம் கடப்பாரையால உள்ளே நெம்பினா ஆள் நுழையற சந்து வரும். புரிஞ்சுதா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நாயுடுவுக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. பெரிய புண்ணியம் கட்டிக்கொண்ட மாதிரி வீட்டுக்குப் போய் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. மத்தியான வெயிலில் கடை வாசலில் வரஹாலம்மா தனியாக நின்றிருந்தாள். முழங்கால் வரை புடவை நனைந்து சேறு ஒட்டியிருந்தது. கை மூடியிருந்தது. காலையில் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிய கை அது.

அவள் கல்லா மேல் கையைத் திறந்தாள். நான்கு ஆணிகள் உருண்டன. நான்கிலும் மஞ்சள்.

"கழலாத கீல் குடுங்க."

"எங்கேம்மா போயிட்டு வரே?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்களே. முழங்கால் வரைக்கும் போனேன். உள்ளேர்ந்து அம்மான்னு கூப்பிடறான் நாயுடு காரு, தெளிவாக் கேக்குது. இந்த ஆணிங்களைக் கையிலயே இறுக்கிப் புடிச்சிட்டு இருந்திருக்கேன், உள்ளங்கையில குத்திச்சு. அப்பத்தான் எங்க வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. சாயங்காலம் வந்து அந்தச் சந்தைப் பாப்பாரே, செருவுக்கு ஓடுவாரேன்னு."

"வீட்ல பூட்டி வெச்சிருக்கானேன்னு நான்... நீ வெளியே வரணும்னுதான்..."

"அவராப் பூட்டலை. பூட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்."

நாயுடுவுக்கு இத்தனை நாளாகத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. அவர் செய்த தர்மம் முழங்கால் வரை நனைந்து எதிரே நின்றது.

"தீ புடிச்சா?" என்றார் மறுபடியும். அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"தீ வந்தா கத்துவேன். தண்ணிக்கு நான் கத்த மாட்டேன்."

கடையைச் சாத்திவிட்டு, கழலாத கீல் நான்கையும் ஸ்க்ரூ பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, பைடிராஜுவையும் கூப்பிட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். கதவு அவர் சொல்லிக்கொடுத்தபடியே ஆப்பின் மேல் நின்றது. பூட்டின் நாக்குகள் ஒரு பக்கம் நிலையைக் கவ்வியிருக்க, கீல் பக்கம் மட்டும் உள்ளே பிளந்திருந்தது. மூவரும் அந்தச் சந்தில் ஒருக்களித்து நுழைந்தார்கள்.

அதே அளவுக் கீல், அதே ஸ்க்ரூ ஓட்டை. இந்தக் கீலில் கதவில் பதியும் பட்டையும் நிலையில் பதியும் பட்டையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது என்பதால், பைடிராஜு முதலில் கதவு ஓரத்தில் கீல்களைப் பொருத்தினான். நிலைப் பக்கம் முடுக்க வேண்டுமானால் கதவு திறந்திருக்க வேண்டும். பூட்டிய கதவில் ஸ்க்ரூ முனைக்கு எட்டாது.

"இப்ப முடியாது அண்ணா. சாவி வேணும். சூரிபாபு வந்து திறந்தாத்தான்."

"அதுவரைக்கும் இது இப்படியேவா நிக்கும்?" என்றாள் வரஹாலம்மா. அவள் பார்வை அந்தச் சந்தைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அந்தப் பார்வையைப் பார்த்து நாயுடு பயந்துபோனார்.

"நாங்க இருக்கோம்மா" என்றார்.

சந்துக்குக் குறுக்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பைடிராஜு சுவரோரம் சாய்ந்தான். சுவரில் பையன் படம், பள்ளிக்கூடச் சீருடையில். வரஹாலம்மா இரண்டு தரம் எழுந்து வாசல் பக்கம் வந்தாள். இரண்டு தரமும் நாயுடு எழுந்து நின்றார். ஒரு பெண்ணின் வழியை மறித்து நிற்கிறோமே என்று அவருக்கு அழுகை வந்தது. நகரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு சூரிபாபு வந்தான். சந்தைப் பார்த்தான், சேற்றுப் புடவையைப் பார்த்தான், ஆணிகளைப் பார்த்தான். நாயுடுவின் சட்டையைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் வரஹாலம்மா. "சாவியைக் குடுங்க, வேலை முடியட்டும்."

கீல்களை முடுக்கி முடித்தபோது பைடிராஜு கதவை ஒரு விரலால் தள்ளினான். சத்தமில்லாமல் போய் நிலையில் உட்கார்ந்தது. நாயுடு சூரிபாபுவிடம் கை நீட்டினார்.

"ஒரு சாவி எனக்குக் குடு. நீ மில்லுல இருக்கும்போது நான் கடையிலதான் இருப்பேன். கத்தினாக் கேக்கற தூரம்."

அவன் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான். நாயுடு அதை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். இனி வெளியூர்க் கல்யாணம் கிடையாது, மத்தியானத் தூக்கம் கிடையாது என்று அவருக்குத் தெரிந்தது. அதைவிட, தான் எதற்குக் காவலோ அந்த ஒன்றுக்கு மட்டும் அவள் கத்த மாட்டாள் என்பதும் தெரிந்தது.

அவர் வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. நாக்குகள் ஒவ்வொன்றாக நிலைக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"நாயுடு காரு, தள்ளிப் பாருங்க. நல்லாப் பூட்டியிருக்கா?"

அவர் தோளை முட்டுக் கொடுத்துத் தள்ளினார். கதவு ஒரு நூல்கூட அசையவில்லை.

"பூட்டியிருக்கும்மா" என்றார்.