கொம்புக்குப் பின்னால் ஒரு கொம்பு

லாரி இடித்துக் கீழே விழுந்த எங்கள் கடைப் பலகையைக் குப்பை வண்டிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது அத்தான் புது ஸ்கூட்டர் வாங்கிய அன்று தெருவில் நின்று எடுத்துக்கொண்ட ஒரே ஒரு படம். ஸ்கூட்டர் முழுதாக இருந்தது, அத்தான் முழுதாக இருந்தார். பின்னால் இருந்த பலகையை மட்டும் மரக்கிளையும் விளக்குக் கம்பமும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

போர்டு அடிக்கும் கடையில் படத்தைக் கொடுத்து, "ஓர் எழுத்து மாறக் கூடாது. எங்கப்பா வச்ச போர்டு" என்றேன். காலமான என் அப்பா தமிழில் பிழை பொறுக்காதவர். எங்கள் பள்ளி நோட்டுகளைக் கடைக்கல்லாவில் உட்கார்ந்தபடியே திருத்துவார். இது அந்தத் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் படத்தைப் பெரிதாக்கி, சாய்வை நிமிர்த்தினாள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. 'இரும்புப்' தெரிந்தது. 'வியாபாரம்' தெரிந்தது. நடுவில் ஒரு 'ப', கொஞ்சம் தள்ளி 'ட்டி'.

"ஐயா, கொம்புக்குப் பின்னாடி ஒரு கொம்பு இருக்கு."

"மரம்னா ஒரு கொம்போடயா நிக்கும்?"

"மரக்கொம்பு இல்லய்யா. எழுத்துக் கொம்பு. இந்த இலைக்கு நடுவுல சுழி தெரியுது பாருங்க. ஒத்தைக் கொம்பா ரெட்டைக் கொம்பான்னுதான் பாக்கணும்."

"இரும்புப் பெட்டி. இதுல என்ன பாக்க இருக்கு?"

"ரெட்டைக் கொம்பா இருந்து, கம்பத்துக்குப் பின்னாடி காலும் இருந்தா போட்டின்னு ஆயிடுமே."

"எங்கப்பா பெட்டி வித்தாரும்மா. பந்தயமா விட்டார்?"

சுழிக்கு மேலே இலைகளின் இடுக்கில் வெறும் மஞ்சள்தான் தெரிந்தது. ஒற்றைக் கொம்பு என்று முடிவாயிற்று. நான் எழுந்துவிட்டேன். அவள் விடவில்லை.

"கம்பம் இடிக்குதுய்யா. மத்த எழுத்தெல்லாம் நெருக்கமா இருக்கு. 'ப'வுக்கும் 'ட்'டுக்கும் நடுவுல மட்டும் ஒரு எழுத்து இடம் கிடக்கு."

'வியாபாரம்' என்பதிலிருந்து ஒரு காலை நகல் எடுத்துக் கம்பத்தின் மேல் வைத்தாள். அளந்து வைத்தாற்போல் பொருந்தியது. கம்பத்தின் விளிம்பில் கீழே துருவைப் போல ஒரு கீற்று தெரிந்தது. அதன் மேலேயே காலின் நுனி போய் உட்கார்ந்தது.

"பொட்டி" என்று வாய்விட்டுப் படித்தாள்.

எனக்குக் காது சுட்டது. "பேசறப்ப பொட்டின்னு சொல்றது வேற. போர்டுல எழுதற ஆளா அவர்?"

"நான் எங்கய்யா சொன்னேன்? கம்பம் சொல்லுது."

வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பொட்டின்னுதான்டா எழுதியிருந்துச்சு" என்றாள், வெங்காய விலை சொல்வது போல. "அப்பா வாயால சொன்னதை பெயிண்டர் அப்படியே எழுதிட்டான். அப்பாவும் கீழ நின்னு பாத்து, நல்லா இருக்குன்னுட்டார்."

"அப்பாவா?"

"எதிர்க் கடைக்காரர் சிரிச்சார். எனக்கு மானம் போச்சு. அன்னிக்கே நாற்காலி போட்டு ஏறி, மிச்சமிருந்த மஞ்சளை எடுத்து அந்தக் காலை மூடிட்டேன்."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"ரெண்டு நாள் மேல பாத்துப் பாத்துட்டு உள்ள போனார். என்ன நெனச்சாரோ. உங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. என் நோட்டில் ஒரு புள்ளி விட்டால்கூடச் சொல்லும் மனிதர்.

அந்த அம்மாள் இதற்குள் கீற்றை இன்னும் பெரிதாக்கியிருந்தாள். "அக்கா சொல்றது சரிதான்யா. இது துருவும் இல்ல, மத்த எழுத்தோட சிவப்பும் இல்ல. மஞ்சளுக்கு அடியிலேர்ந்து சிவப்பு கசியுது." விசைப்பலகை மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எதை அடிக்க? அப்பா வச்சதா, அக்கா திருத்தினதா?"

ஓர் எழுத்து மாறக் கூடாது என்று சொன்னவன் நான்தான். எந்தப் பலகையின் எழுத்து என்பது இப்போது எனக்கே விளங்கவில்லை. கால் போட்டால் அப்பாவின் தமிழ் போகும். போடாவிட்டால் அப்பா பார்த்து நல்லா இருக்கு என்ற பலகை போகும்.

"பெட்டின்னே அடிங்க" என்றேன்.

அடித்தாள். 'பெ'யும் 'ட்'டும் ஒட்டிக்கொண்டு நின்றன. சரியான சொல். ஆனால் அந்தப் பலகையை நான் எங்கும் பார்த்ததில்லை.

"அந்தக் கால் இருந்த இடத்தைக் காலியா விடுங்கம்மா. அகலம் குறையாம."

"ஐயோ, நான் தப்பா அடிச்சேன்னு சொல்வாங்களேய்யா!"

"கேட்டா, எங்க வீட்டு வழக்கம்னு சொல்லுங்க."

இடைவெளி விட்டாள். தள்ளி நின்று பார்த்தேன். ஒரு தரம் பெட்டி என்று படித்தேன், மறு தரம் பொட்டி என்று.