கற்பூரம் காட்டிய பிரிண்டர்

ஆயுத பூஜையன்று ஒரு கடைக்கு கம்ப்யூட்டர் பில்லிங் போட்டுக் கொடுக்க ஒத்துக்கொள்கிறவனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். முத்துச்செல்வியின் முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால் போகச் சொன்னது அவளை. "தனியா போற முதக் கடை இது. இன்னைக்கு பில் ஓடிருச்சுன்னா இனி எல்லாக் கடைக்கும் நீதான். இல்லேன்னா பழையபடி உக்காந்து சரக்குப் பேரு டைப் அடி" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு வருடமாகச் சரக்குப் பெயர் அடித்து அவளுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது.

கீழவாசல் பக்கம் ராமமூர்த்தியின் சுங்குடிச் சேலைக் கடை. கல்லா மேஜையில் கம்ப்யூட்டர், பக்கத்தில் செங்கல் அளவுக்கு பிரிண்டர். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. பிரிண்டர் மூடிக்குள்ளும் சந்தனம் அப்பப் போன ராமமூர்த்தியின் மனைவி சுந்தரவல்லியின் கையை முத்துச்செல்வி பாய்ந்து தடுத்தாள். ஒரு சேலைக்கு மாதிரி பில் போட்டுப் பார்த்தாள். சரசரவென்று வந்தது. கிழிக்கப் போனவளை, "அப்படியே இருக்கட்டும், தீபாராதனை ஆகட்டும்" என்று சுந்தரவல்லி நிறுத்தினாள்.

சுந்தரவல்லி கையிலிருந்த கற்பூரத் தட்டு முதல் சுற்று நல்லபடியாகப் போனது. இரண்டாவது சுற்றில் பக்தி கூடிவிட்டது. மூன்றாவதில் தட்டு, தொங்கிக்கொண்டிருந்த பில்லுக்கு விரல் நீளத்தில் நின்றது. தீப்பிடிக்கவில்லை. ஆனால் வெள்ளைக் காகிதம் கடை ஆட்கள், பூஜைக்கு வந்தவர்கள் எல்லோர் கண்முன்னும் கீழிருந்து மேலாகக் கருத்துக்கொண்டே போய், கடையின் பெயரையும் விழுங்கிவிட்டது.

மணிச்சத்தம் நின்றது. சுந்தரவல்லி தங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் கணவரிடம் ஏதோ சொன்னாள். முத்துச்செல்விக்கு அந்த மொழி தெரியாது. பிரிண்டரைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாள் என்பது புரிய மொழி தேவைப்படவில்லை.

"அக்கா, இதுல மையே கிடையாது. பேப்பர்ல ஒரு மருந்து தடவியிருக்கு. உள்ள இருக்குற ஹெட்டு சூட்டாலதான் எழுத்தையே போடுது. கற்பூரச் சூடு பட்டுக் கருத்திருச்சு, அம்புட்டுத்தான்."

"வெறும் சூட்டுல பேப்பர் இப்படிக் கருக்குமா? தீ கூடப் பிடிக்கலையே."

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று, ரோலிலிருந்து ஒரு துண்டு கிழித்து நகத்தால் அழுத்திக் கீறினாள். கறுப்புக் கோடு விழுந்தது.

"பாருங்க, தேச்ச சூட்டுக்கே கருக்குது."

"தொட்டாலே கருக்குதா?" சுந்தரவல்லி ஓரடி பின்னால் போனாள்.

முத்துச்செல்விக்கு வீம்பு ஏறியது. அப்போதுதான் வந்த, கொதிக்கக் கொதிக்க இருந்த காப்பி டம்ளரைத் தூக்கி அதே துண்டின் மேல் வைத்தாள். எடுத்தபோது வட்டமாக ஒரு கறுப்பு வளையம். அறிவியல் நிரூபணமாகிவிட்டது. கடையில் ஒருவருக்கும் அது சந்தோஷமாக இல்லை.

"ஏங்க, பழைய பில் புக்கை எடுங்க" என்றாள் சுந்தரவல்லி.

ராமமூர்த்தி மேஜை டிராயரைத் திறந்தார். முத்துச்செல்விக்கு அழுகை முட்டியது. இந்த வீணாய்ப்போன கற்பூரத்துக்காகத் திரும்பவும் சரக்குப் பெயரா? வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அக்கா, இம்புட்டு சனம் பாக்குது. புது மெசினு மேல கண்ணு விழுகாமயா இருக்கும்? அம்புட்டுத் திருஷ்டியையும் அந்தப் பேப்பரு வாங்கிக்கிருச்சு. கடைக்கு ஒண்ணும் ஆகலையே."

சுந்தரவல்லி கருத்த பில்லைப் பார்த்தாள். மெல்ல முகம் தெளிந்தது. "அதானே. மெசின் வந்ததிலேருந்து அந்த எதிர்க்கடைக்காரன் பார்த்துட்டே நின்னான்." பில்லைத் தானே கிழித்துத் தலையைச் சுற்றித் தெருவில் போட்டுவிட்டு வந்தாள். "தினமும் எத்தனை பேர் கண்ணு படும். ஒவ்வொரு பில்லுலயும் ஒரு கறுப்புப் பொட்டு வருமா?"

வரும். அந்த பிரிண்டருக்கு 219 என்ற எண்ணை அனுப்பினால் ஓர் எழுத்தின் இடம் முழுக்கக் கறுப்பாக அடிக்கும். கடைப்பெயருக்கு முன்னால் அதை அனுப்பும்படி முத்துச்செல்வி புரோகிராமில் ஒரு வரி சேர்த்து, மறுபடி ஓட்டினாள். பில் வந்தது.

"பொட்டு ஏன் கட்டமா இருக்கு?"

"கம்ப்யூட்டர் பொட்டு கட்டமாத்தான்கா இருக்கும்."

சுந்தரவல்லி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொரிகடலை பங்கு பிரிக்க உள்ளே போனாள்.

வேலை முடிந்ததென்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ராமமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "பேக்ஸ் மெசின் பேப்பரும் இதேதாம்மா. பத்து வருசமா வச்சிருக்கேன். வெயில் பட்டாலே கருக்கும்."

முத்துச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுக்கிட்டேதான் சும்மா நின்னீங்களா சார்? நான் தொண்டை கிழியக் கத்துனேனே."

"நீ பஸ் ஏறி உங்க ஊரு பரவைக்குப் போயிருவ" என்றார் ராமமூர்த்தி. "நான் அந்த வீட்டுலதானேம்மா சாப்பிடணும்."